தையல் லைனில் இருந்து வேர்க் ஸ்டடி பிரிவுக்கு மாற்றம் கேட்பது

"மட்டக்களப்பில் ஒரு கார்மென்ட்ஸில் மூன்று வருடமாக ஓவர்லொக் மெஷினில் தைக்கிறேன். டீ-ஷர்ட் லைனில் தோள் மூட்டுகிற வேலை. உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. வேர்க் ஸ்டடி பிரிவுக்கு மாற விருப்பம். மெனேஜரிடம் எப்படிக் கேட்பது, என்ன காரணம் சொல்வது, கடிதத்தில் என்ன எழுதுவது? கேட்கப்போய் இருக்கிற இடமும் கெட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது."

தங்கச்சி, நான் தயாரிப்புத் தளத்திலும், ஒவ்வொரு வேலைக்கும் போகிற நேரத்தை அளந்து லைனைச் சீராக்குகிற வேர்க் ஸ்டடியிலும் பல வருடம் வேலை செய்தவன். உங்களைப் போலக் கேட்டு வந்தவர்களை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். கேட்டதற்காக யாருடைய இடமும் கெட்டதில்லை. கேட்ட ஒழுங்கு பிழைத்ததால் மனக்கசப்பு வந்தது உண்டு. ஆகவே ஒழுங்கில் இருந்தே தொடங்குகிறேன்.

இந்த மாற்றத்தில் மூன்று பேருடைய சம்மதம் வேண்டும். உங்களை விடுவிக்க வேண்டியவர் தயாரிப்பு மெனேஜர். உங்களை எடுக்க வேண்டியவர் வேர்க் ஸ்டடி மெனேஜர். இருவரும் சம்மதித்த பிறகு பேப்பரை நகர்த்துவது எச்.ஆர். நிறையப் பேர் முதலில் வேர்க் ஸ்டடியில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "உங்கட பக்கம் ஆள் தேவையாம், நான் வாறன் என்று சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த நாள் இரண்டு மெனேஜர்களும் தேநீர் நேரத்தில் சந்திக்கும்போது கதை வெளியில் வரும். தன்னுடைய ஆள் தனக்குத் தெரியாமல் வேறு கதவைத் தட்டியிருக்கிறார் என்று தயாரிப்பு மெனேஜர் கேள்விப்படுகிற அந்த நிமிடத்தில் காரியம் பாதி கெட்டுவிடும். எனவே முதலில் உங்கள் லைன் சுப்பவைசர், பிறகு தயாரிப்பு மெனேஜர், அவர் சரி என்ற பிறகு வேர்க் ஸ்டடி. வேர்க் ஸ்டடியில் இருக்கிறவர்களிடம் அந்த வேலை எப்படி, என்ன படிக்க வேண்டும் என்று விசாரிப்பதில் பிழையே இல்லை. இடம் கேட்பதை மட்டும் பிந்திச் செய்யுங்கள்.

சுப்பவைசரிடம் போவது அனுமதி கேட்க அல்ல, தெரிவிக்க. "அக்கா, நான் வேர்க் ஸ்டடிக்குப் போக விருப்பப்படுறன். சேரிட்டக் கேக்கப் போறன். உங்களுக்குத் தெரியாமக் கேக்க மனமில்ல" என்று ஒரு வார்த்தை போதும். மெனேஜர் முதலில் கூப்பிட்டுக் கேட்கப்போவது அவரைத்தான். அந்த நேரம் "ஓம் சேர், எனக்குச் சொன்னவ" என்று அவர் சொல்வதற்கும், "எனக்குத் தெரியாதே" என்று விழிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து, மெனேஜருடைய மனதில் என்ன ஓடும் என்பதைப் பார்ப்போம். நீங்கள் உங்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவர் அடுத்த கிழமை தோள் மூட்ட ஆள் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 22 பேர் இருக்கிற லைனில் ஒருவர் இல்லாவிட்டால் 21 பேருடைய வேலை நடக்கும் என்பதில்லை. அந்த ஒரு இடத்தில் வேலை நின்றால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதிலும் மூன்று வருட அனுபவம் உள்ள ஓவர்லொக் கையை விட்டுக்கொடுப்பது லேசான காரியம் அல்ல. ஆகவே உங்கள் கோரிக்கையில் "நான் ஏன் போக வேண்டும்" என்பதோடு "நான் போனால் அந்த இடம் எப்படி நிரம்பும்" என்பதும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைக் கொண்டுவருகிறவர்கள் மிகக் குறைவு. கொண்டுவந்தவர்களை மறுப்பது மெனேஜருக்கும் கஷ்டம்.

கேட்கிற காலமும் அதோடு சேர்ந்ததுதான். எங்கள் பக்கத்தில் ஆள் வரவு எப்போது விழும் என்று தளத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மாரி மழையில் படுவான்கரைப் பாதைகளில் தண்ணீர் ஏறினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர முடியாது. மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. சித்திரை வருடப் பிறப்புக்கு லீவில் போய்ச் சில பேர் திரும்பியே வர மாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. இந்த நாட்களில் மெனேஜர் ஒவ்வொரு காலையும் எந்த லைனில் எத்தனை பேர் இல்லை என்று எண்ணிக்கொண்டு நிற்பார். அப்போது போய் "என்னை விடுங்கள்" என்றால், காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காதில் விழாது. ஷிப்மென்ட் கிழமையும் வேண்டாம். வரவு சீராக இருக்கிற நேரத்தில், ஒரு ஸ்டைல் முடிந்து அடுத்தது ஏற இன்னும் சில நாள் இருக்கிறபோது கேளுங்கள். புது ஸ்டைல் ஏறும்போது எப்படியும் ஆட்களை இடம் மாற்றிப் போடுவார்கள். உங்கள் இடத்துக்கு ஆள் பார்ப்பதும் அதோடு நடந்துவிடும்.

சரி, காரணம். "தைத்துத் தைத்து அலுத்துப்போச்சு", "முதுகு நோகுது", "சுப்பவைசர் கத்துறா", "படிச்ச படிப்புக்கு இந்த வேலை சரியில்ல" என்பவைதான் பொதுவாக வருகிற காரணங்கள். இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இவை எதுவும் வேர்க் ஸ்டடிக்குப் போவதற்கான காரணம் அல்ல. முதுகுவலி இருந்தால் மருத்துவரின் கடிதத்தோடு இலகுவான வேலை கேட்பது வேறு விண்ணப்பம். அதை இதோடு கலந்தால், நாள் முழுவதும் நின்றும் நடந்தும் செய்கிற வேர்க் ஸ்டடி வேலைக்கு நீங்கள் உடலால் முடியாதவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். யாராவது உங்களிடம் மரியாதைக் குறைவாக நடக்கிறார்கள் என்றால் அது முறைப்பாடு, எச்.ஆரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், மாற்றத்துக்குள் மறைக்கக் கூடாது. கடைசிக் காரணத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த மெனேஜருக்கு முன்னால் இருக்கிற அத்தனை பேரும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

உங்களுடைய பலமான காரணம் நீங்கள் கேள்வியில் எழுதியும் காரணமாகச் சொல்லாத ஒன்று. கணிதம் படித்த ஒருவர் மூன்று வருடம் மெஷினில் இருந்திருக்கிறார். வேர்க் ஸ்டடிக்கு வெளியில் இருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும், ஆனால் துணி கையில் எப்படி வழுக்கும், எந்த இடத்தில் ஓரம் சுருளும், பண்டில் கட்டை அவிழ்க்க எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாது. தளத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும், கணக்கு தெரியாது. இரண்டும் ஒருவரிடம் இருப்பது அரிது. ஆனால் இதை வாயால் சொன்னால் பெருமை பேசுவது போல இருக்கும். ஒரு பக்கத்துக் கணக்கில் காட்டினால் அதுவே சான்று. அதை எப்படிச் செய்வது என்று உங்கள் இடத்தை வைத்தே காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் லைனின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பண்டிலில் 20 துண்டு என்று வைப்போம். தளத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு பண்டிலை இடை நிற்காமல் தைத்து முடிக்க எத்தனை நிமிடம் போகிறது என்று குறியுங்கள். ஒரு தடவை மட்டும் பார்த்தால் போதாது. காலை, மதியத்துக்கு முன், பின்னேரம் என்று சில பண்டில்களைப் பார்த்துச் சராசரி எடுங்கள். 6 நிமிடம் 40 செக்கன் வருகிறது என்றால் ஒரு துண்டுக்கு 20 செக்கன். இதோடு நூல் மாற்றுவது, பண்டில் கட்டுவது, தண்ணீர் குடிப்பது போன்றவற்றுக்கு ஒரு சதவீதம் சேர்ப்பார்கள். அது இடத்துக்கு இடம் மாறும். இங்கே 15 சதவீதம் எடுக்கிறேன். 20 செக்கன் 23 ஆகிறது. 3600 செக்கனை 23 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 156 துண்டு. தோள் மூட்டுகிற இடத்தின் கொள்ளளவு அதுதான்.

இப்போது லைன் முடிவில் இருக்கிற போர்டைப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 112 துண்டுதான் வெளியே வருகிறது. உங்களிடம் 156 போகும், வெளியே 112 வரும் என்றால் மிச்சம் எங்கோ தேங்க வேண்டும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரியும்: கை பொருத்துகிற இரண்டு பேருக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு இரண்டு பண்டில் கிடந்தது, பத்து மணிக்கு ஆறாகிவிட்டது. அவர்களைத் தாண்டிப் பக்கம் மூட்டுகிறவருக்கு முன்னால் பண்டில் ஒன்றுமில்லை, அவர் கையை நீட்டி அடுத்ததுக்குக் காத்திருக்கிறார். முன்னால் குவிகிறது, பின்னால் வெறுமை. லைனின் கழுத்து நெரிபடுகிற இடம் அது. இரண்டு பேரும் சேர்ந்து செய்வதுதான் லைனின் அளவு என்பதால், ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு 56 துண்டு என்று அவர்கள் பக்கம் மணிக்கூடு பிடிக்காமலே கணக்கு வந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் பக்கத்தில் இருப்பவரின் வேலைக்கு நேரம் எடுக்காதீர்கள். டார்கெட்டைக் கூட்டப் பார்க்கிறார்கள், இன்சென்டிவ் குறையப் போகிறது என்ற பயம் எல்லாத் தளத்திலும் உண்டு. நாளைக்கு நீங்கள் அந்தப் பிரிவுக்கு உண்மையாகவே போகும்போது, இன்று ஒளித்து நேரம் எடுத்தவர் என்ற பெயர் கூடவே வரும். உங்கள் சொந்த வேலை, எல்லோரும் பார்க்கிற போர்ட், எல்லோர் கண்ணிலும் படுகிற பண்டில் குவியல், இந்த மூன்றுமே போதும். போனை உள்ளே கொண்டுபோக விடாத தளமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் போதும்.

கணக்கின் கடைசிப் பகுதிக்கு வருவோம். லைன் மணித்தியாலத்துக்கு 112 அல்ல, 123 துண்டு தரவேண்டும் என்றாலும் நீங்கள் தோள் மூட்ட அந்த மணித்தியாலத்தில் 47 நிமிடம்தான் எடுப்பீர்கள். ஒரு மணித்தியாலத்தில் 12 நிமிடத்துக்கு மேல் உங்களிடம் மிச்சம். தோளுக்கும் கைக்கும் ஒரே நாலு நூல் ஓவர்லொக்தான். அந்த 12 நிமிடத்தைக் கை பொருத்தக் கொடுத்தால், மணித்தியாலத்துக்கு 56 என்ற அதே வேகத்தில் 11 துண்டு கூடும். 112 என்பது 123 ஆகும். எட்டு மணித்தியால நாளில் 896 துண்டு 984 ஆகும். நாளுக்கு 480 நிமிடம், 22 பேர், ஒரு டீ-ஷர்ட்டுக்கு நிர்ணயித்த நேரம் 8 நிமிடம் என்றால் வினைத்திறன் இப்படி வரும்:

```
=896*8/(22*480)*100
=984*8/(22*480)*100
```

முதலாவது 67.9, இரண்டாவது 74.5. எக்செல்லில் இதைப் போட்டுக் காட்டத் தெரிந்தால் நல்லது, பேனையால் எழுதினாலும் குறைவில்லை. கீழே ஒரு வரி எழுதுங்கள்: "மற்ற எந்த இடமும் 123-க்குக் குறைவாக இல்லை என்றால் மட்டுமே இது சரி; அதை நான் அளக்கவில்லை." இந்த வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு நெரிசலைத் திறந்தால் அடுத்த நெரிசல் வெளியே தெரியும் என்பது வேர்க் ஸ்டடியில் முதல் மாதத்திலேயே படிப்பது. அது உங்களுக்கு இப்போதே தெரியும் என்று காட்டுவது அந்த 74.5-ஐ விடப் பெரிய சான்று.

அப்புறம், இந்தத் தாளை மெனேஜரின் முன்னால் வைப்பதற்கு முன் சுப்பவைசரிடம் காட்டிவிடுங்கள். "அக்கா, இப்பிடி ஒண்டு பாத்தன், சரியா எண்டு பாருங்கோ" என்று. அவருக்கு அந்தக் குவியல் தெரியாமல் இருக்காது. கை பொருத்துகிற இருவரும் புதிதாக வந்தவர்களாக இருக்கலாம், பழகட்டும் என்று விட்டிருக்கலாம். அந்தக் காரணம் உங்கள் தாளில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மேலே போனால், உங்கள் திறமையைக் காட்டுகிற தாள் சுப்பவைசரின் குறையைக் காட்டுகிற தாளாகிவிடும்.

மெனேஜரிடம் பேசும்போது தளத்தில் நின்றபடி தொடங்க வேண்டாம். "சேர், ஒரு பத்து நிமிடம் கதைக்க வேணும், உங்களுக்கு எப்ப வசதி?" என்று நேரம் வாங்குங்கள். போய் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கதை கிட்டத்தட்ட இப்படிப் போகலாம்:

"சேர், எனக்கு வேர்க் ஸ்டடி பிரிவுக்கு மாற விருப்பம். முதல்ல உங்களிட்டத்தான் கேக்கிறன். எங்கட லைன் அக்காவுக்குச் சொல்லிட்டன்."

"ஏன், தையல்ல என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டும் இல்ல சேர். நான் உயர்தரத்தில கணிதம் செய்தனான். லைன்ல எங்க வேலை தேங்குது எண்டு பாக்கிறதில எனக்கு விருப்பம். எங்கட லைனுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன், இதுதான்."

"நீர் போனாத் தோளுக்கு யார்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் கையில் இருக்க வேண்டும். "பக்கம் மூட்டுற பிள்ளைக்கு ஓவர்லொக் நல்லா வரும் சேர். நான் இடைக்கிடை தோள் பழக்கிக் குடுக்கிறன். அவ என்ர வேகத்துக்கு வந்த பிறகு என்னை விட்டாப் போதும். இந்த ஸ்டைல் முடியும் மட்டும் நான் போகக் கேக்க மாட்டன்." அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவரை எடுத்தால் பக்கம் மூட்ட யார் என்ற கேள்வியும் உடனே வரும். லைனில் எல்லா மெஷினும் ஓட்டுகிற ஜம்பர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெனேஜர் சிங்களம் பேசுகிறவராக இருந்து உங்களுக்குச் சிங்களம் ஓரளவுதான் வரும் என்றால், தெரிந்த அளவில் நீங்களே பேசுங்கள், அல்லது எச்.ஆரில் இருந்து ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லைனில் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். பின்னேரம் பஸ் ஏறுவதற்குள் கதை தளம் முழுக்கப் போயிருக்கும்.

பேசி முடிந்து, அவர் மறுக்கவில்லை என்றால் மட்டும் கடிதம். பேசாமல் கடிதத்தை எச்.ஆர். பெட்டியில் போடுவது மெனேஜரை மூலைக்குத் தள்ளுவது போல. எழுத்தில் வந்ததற்கு எழுத்தில் "இல்லை" சொல்வதுதான் அவருக்கு லேசு. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவு போதும்:

"தயாரிப்பு முகாமையாளர் அவர்களுக்கு,

வேர்க் ஸ்டடி பிரிவுக்கு உள்ளக இடமாற்றம் கோரல்

மூன்று வருடமாக இத்தொழிற்சாலையில் ஓவர்லொக் இயந்திர இயக்குநராகப் பணியாற்றுகிறேன். இது பற்றித் தங்களுடன் நேரில் பேசியதைத் தொடர்ந்து, வேர்க் ஸ்டடி பிரிவுக்குப் பயிலுநராக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்றுள்ளேன். தோள் மூட்டுதல், கை பொருத்துதல், பக்கம் மூட்டுதல் ஆகிய மூன்று வேலைகளையும் செய்வேன். எனது லைனின் வேலை ஓட்டம் பற்றி நான் தயாரித்த ஒரு பக்கக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளேன்.

எனது இடத்துக்கு வருபவரைப் பழக்கிக் கொடுப்பேன். தற்போதைய ஸ்டைல் முடியும் வரை எனது வேலையில் தொடர்வேன். முதல் மூன்று மாதங்களைப் பரீட்சைக் காலமாகக் கொள்ளலாம். அக்காலத்தில் எனது வேலை திருப்தி தராவிட்டால் மீண்டும் தையல் பிரிவுக்கு வரச் சம்மதம்."

கீழே பெயர், ஊழியர் இலக்கம், லைன் இலக்கம், திகதி. செய்யத் தெரியாத வேலையைக் கடிதத்தில் எழுத வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எந்த மெஷின், எந்த வேலை வரும் என்று தளத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உங்கள் பெயருக்கு நேரே தோள் மட்டும்தான் குறித்திருக்கிறது என்றால், கடிதம் கொடுக்கும் முன் மற்ற இரண்டு வேலைகளையும் செய்து காட்டி அதைத் திருத்தச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியவரின் கையொப்பத்தோடு.

இப்போது பணம். இதைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை, பிறகுதான் வருந்துகிறார்கள். தையலில் உங்கள் கைக்கு வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. உற்பத்தி இன்சென்டிவ், வரவுப் படி, ஓவர்டைம் எல்லாம் சேர்ந்தது. வேர்க் ஸ்டடி பயிலுநருக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் கூடி, இன்சென்டிவ் இல்லாமல் போகலாம். அப்படியானால் முதல் மாதங்களில் கைக்கு வருவது குறையும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பிச் சீட்டோ லோனோ ஓடுகிறது என்றால், இந்தக் கணக்கைப் பார்க்காமல் கையொப்பம் போடாதீர்கள். மறுபக்கமும் இருக்கிறது: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதமும் கம்பனியிடம் 12 சதவீதமும் போகிறது. ஓவர்டைமுக்கு அது போவதில்லை. அடிப்படைச் சம்பளம் கூடினால் அந்தச் சேமிப்பும் கூடும். கடந்த ஆறு மாதச் சம்பளத் துண்டுகளை எடுத்து வைத்து, எச்.ஆரிடம் "புதிய இடத்தில் அடிப்படை எவ்வளவு, எந்தெந்தப் படிகள் தொடரும், எவை நிற்கும்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஒரே கம்பனிக்குள் பிரிவு மாறினால் உங்கள் சேவைக்காலம் முறிவதில்லை, சேமலாப நிதி இலக்கமும் மாறாது. ஆகவே இந்த மாற்றத்துக்கு இராஜினாமாக் கடிதம் தேவையில்லை. சில இடங்களில் ஒரே குழுமத்தின் இன்னொரு கம்பனியின் பெயரில் எடுப்பதாகச் சொல்லி, "ஃபோர்மாலிட்டிக்கு ஒரு ரிசைன் லெட்டர் தாங்கோ" என்பார்கள். அங்கே நில்லுங்கள். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. உங்களுக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. இன்று இராஜினாமா கொடுத்து நாளை புதிதாகச் சேர்ந்தால் அந்த மூன்று வருடம் கணக்கில் இருந்து போகலாம். பழைய சேவை தொடர்கிறது என்று இரண்டு கம்பனியும் எழுத்தில் தந்தால் மட்டும் யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் போய்க் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை.

போக முன் இன்னொரு விடயத்தையும் நன்றாக யோசித்து வையுங்கள். மாற்றம் கிடைத்தால், மூன்று வருடம் ஒரே மேசையில் சோற்றுப் பெட்டி திறந்தவர்களுக்குப் பக்கத்தில் நாளைக்கு ஸ்டொப்வொச்சோடு நிற்கப் போகிறீர்கள். நீங்கள் நின்றதும் சிலர் வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார்கள், சிலர் பதறி வேகமாகத் தைப்பார்கள். வேகம் சரிபார்க்கிற முறை ஒன்று இருக்கிறது, அதைக் கற்றுத் தருவார்கள். ஆனால் "நம்மட பிள்ளைதானே, கொஞ்சம் கூட்டிப் போடன்" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. நேரத்தைக் கூட்டிப் போட்டால் பக்கத்து லைனுக்கு அநியாயம். குறைத்துப் போட்டால் அந்தப் பிள்ளையின் இன்சென்டிவ் போகும். எடுத்த நேரத்தை அவருக்கே காட்டுங்கள், அதுதான் என் அனுபவத்தில் சரிவந்த வழி. மெனேஜர் இதைப் பற்றிக் கேட்டால் இப்படியே சொல்லுங்கள். கேட்கிற மெனேஜர் நல்ல மெனேஜர்.

பதில் மூன்று விதமாக வரலாம். "சரி" என்றால் திகதியைக் கேளுங்கள். "இல்லை" என்றால், கோபப்படாமல், "எது சரியானா நான் திரும்பக் கேக்கலாம் சேர்?" என்று கேளுங்கள். ஆள் இல்லை என்பது காரணமா, இங்கிலிஷ் காணாது என்பதா, வேர்க் ஸ்டடியில் இடம் இல்லை என்பதா என்று தெரிந்தால்தான் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இங்கிலிஷ் என்றால், வேலைத் தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கும் என்பதால், உங்கள் லைனுக்கு ஒட்டுகிற வேலை வரிசைத் தாளில் இருந்தே தொடங்குங்கள். இடம் இல்லை என்றால், புது ஸ்டைல் ஏறுகிற நாட்களில் மட்டும் வேர்க் ஸ்டடிக்கு உதவியாக நிற்க விடச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஓம் என்பார்கள், இடம் திறக்கும்போது உங்கள் பெயர் முதலில் வரும்.

அதிகம் வருவது மூன்றாவது பதில்: "பார்ப்போம்." அதை மறுப்பு என்று எடுக்காதீர்கள், சம்மதம் என்றும் எடுக்காதீர்கள். அந்த இடத்திலேயே, "அடுத்த மாதம் இந்த ஸ்டைல் முடியிற கிழமை வந்து கேக்கட்டா சேர்?" என்று ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பக்கம் மூட்டுகிற பிள்ளையைப் பழக்கத் தொடங்குங்கள். சொன்ன கிழமை வந்ததும், அந்தப் பிள்ளை இப்போது மணித்தியாலத்துக்கு எத்தனை தோள் மூட்டுகிறார் என்ற எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.